பெங்களூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு: காரா, ரயிலா, விமானமா?

பிழைப்புக்காகப் பெங்களூரில் குடியேறிய நம்மவர்களில் பலருக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது, கிறிஸ்துமஸ் நாட்களிலோ மே மாத விடுமுறையிலோ, பிள்ளைகளோடு ஊருக்குப் புறப்படுகிறோம். தூரம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சென்னைக்குப் போவதுபோல் அரை நாளில் முடிகிற பயணமும் அல்ல, மும்பையிலிருந்து வருகிறவர்களைப்போல் ஒன்றரை நாள் வண்டியில் கிடக்கிற பயணமும் அல்ல. அதனாலேயே மூன்று வழிகளும் நமக்குத் திறந்திருக்கின்றன. ஆராதனை முடிந்து வெளியே வந்து நிற்கும்போது, “இந்த முறை எப்படிப் போகிறீர்கள், பிரதர்?” என்று கேட்டால் மூவர் மூன்று விடை சொல்லுவார்கள். மூவரும் தங்கள் வழியே மலிவு என்பார்கள். பெரும்பாலும் மூவருமே பயணச்சீட்டின் விலையையோ பெட்ரோலின் விலையையோ மாத்திரம் கணக்கில் வைத்திருப்பார்கள்.

வீட்டுக் கதவைப் பூட்டியது முதல் ஊரில் பாட்டி வீட்டுத் திண்ணையில் பையை இறக்கி வைப்பது வரை ஆகிற பணத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு. கணவன், மனைவி, பத்து வயது மகள், நான்கு வயது மகன். சிறிய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. பாளையங்கோட்டைக்குப் போய், சில நாட்கள் தங்கி, திரும்பி வரவேண்டும். கீழே வரும் கட்டணங்கள் சாதாரண நாட்களுக்கான ஏறத்தாழத் தொகைகள். உங்கள் பயணத்தின் தொகையை அந்த இடத்தில் எழுதிக்கொண்டால் கணக்கு உங்களுடையதாகிவிடும்.

முதலில் நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று வழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு அவனிடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. ரயிலில் ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம். படுக்கையும் கிடைக்காது, தாயோடு படுத்துக்கொள்ளலாம். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது நிறையும் வரை, படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். இந்த விதி 2016 ஏப்ரலில் வந்தது. அதற்குமுன் பாதிக் கட்டணத்திலேயே படுக்கை கிடைத்துவந்ததால், இன்னும் பலர் பழைய நினைவிலேயே இருக்கிறார்கள். விமானத்திலோ இரண்டு வயது நிறைந்துவிட்டால் அவன் பெரியவனுக்குச் சமம். தனி இருக்கை, ஏறத்தாழ அதே கட்டணம். காரில் அவனுக்கென்று தனிச் செலவே இல்லை. ஆகவே ‘நான்கு பேர் கொண்ட குடும்பம்’ என்பது விமானத்துக்கு நான்கு, ரயிலுக்கு மூன்று, காருக்கு ஒன்று.

இப்போது காரின் கணக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 44-இல் நேரே இறங்கவேண்டும். நகருக்குள் சுற்றுவதையும் சேர்த்துப் போக வர 1,240 கிலோமீட்டர் என்று கொள்வோம். நான்கு பேர், பின்னால் நிறையப் பெட்டிகள், குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்குமேல் எதிர்பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். ஏறத்தாழ 83 லிட்டர் ஆகும். லிட்டர் 102 ரூபாய் என்றால் 8,450 ரூபாய்.

இத்தனையோடு கணக்கை முடித்துவிடுகிறவர்களே அதிகம். வழியில் பத்துச் சுங்கச் சாவடிகள்போல் வருகின்றன. ஒரு வழிக்கு 900 என்று வைத்தால் போக வர 1,800. வழியில் காலை ஆகாரம், மதிய உணவு, காப்பி, பிள்ளைகள் கேட்கும் பண்டங்கள் என்று ஒரு வழிக்கு 900 வைத்தால் இன்னொரு 1,800. பிறகு கண்ணுக்குத் தெரியாத செலவு. நான்கு டயர்களை 20,000 ரூபாய்க்கு மாற்றினால் அவை 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 50 காசு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பராமரிப்புக்கு 7,000 ரூபாய் கொடுத்தால் அது 70 காசு. பிரேக், பேட்டரி, விற்கும்போது குறைகிற விலை ஆகியவற்றுக்கு மிகக் குறைவாக 30 காசு. ஆகக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய், 1,240 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,850. இந்தப் பணம் பயணத்தன்று பையிலிருந்து போவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பட்டறையில் போகிறது. எல்லாம் கூட்டினால் காருக்கு 13,900 ரூபாய்.

சுங்கத்தைப்பற்றி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டுச் சலுகைச் சீட்டு கிடைக்கிறது. தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். 200 கடப்புகள் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். நம் பயணம் ஒன்றுக்கு இருபது கடப்புகள்தான் செலவாகும். ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரம் ஊருக்குப் போகிறவருக்கு இது நஷ்டம். இரண்டு முறை போகிறவர்களுக்கு வாங்கிய விலை திரும்பிவிடும். இடையில் வேளாங்கண்ணிப் பக்கமோ சென்னைக்கோ ஒரு பயணம் சேர்ந்தால் மிச்சம்தான். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மாத்திரமே இது செல்லும். மாநிலச் சாலைகளிலும் நகராட்சிச் சாவடிகளிலும் வழக்கம்போல் பணம் பிடிக்கப்படும்.

நேரத்துக்கு வருவோம். நான்கு வழிச் சாலையாயிற்றே, மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் ஏழு மணி நேரம் என்று சொல்லுகிறவர்கள் தனியாக வண்டி ஓட்டிப் பழகியவர்கள். பிள்ளைகளுடன் போகும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கவேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் கால் மணி என்று எண்ணி இறங்கி அரை மணியில் முடியும். பெங்களூரை விட்டு வெளியேறுவதே ஒரு பயணம். அத்திபெலே தாண்டும் வரை உங்கள் கணக்கு எதுவும் செல்லாது. அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டால் இந்தப் பகுதியை அமைதியாகக் கடக்கலாம். ஏழு மணிக்குப் புறப்பட்டவர் ஓசூர்ச் சாலையிலேயே ஒரு மணி நேரத்தை இழந்திருப்பார். எல்லாம் சேர்த்து வீட்டிலிருந்து வீட்டுக்குப் பதினொரு மணி நேரம் என்பதே நியாயமான கணக்கு. இந்தப் பதினொரு மணி நேரமும் ஓட்டுகிறவர் விழித்திருக்கவேண்டிய நேரம்.

இங்கேதான் பணத்தால் அளக்க முடியாத ஒன்று வருகிறது. தருமபுரியைத் தாண்டியபின் தொப்பூர்க் கணவாயில் சாலை நீண்ட இறக்கமாக இறங்குகிறது. பாரமேற்றிய லாரிகள் பிரேக் சூடேறிக் கட்டுப்பாட்டை இழப்பதால் பல விபத்துகள் நடந்த இடம் அது. அங்கே கீழ்க் கியரில் இறங்குங்கள். லாரிக்குப் பின்னாலும் முன்னாலும் ஒட்டிச் செல்லாதிருங்கள். ஆனால் அந்த இடத்தில் எல்லாரும் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறார்கள். அதைவிட ஏமாற்றுகிற இடம், மதிய ஆகாரத்துக்குப் பின் கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட நேரான சாலை. வெயில், வயிறு நிறைந்த சோர்வு, பின்னிருக்கையில் மனைவியும் பிள்ளைகளும் உறக்கம். கடந்துபோன கடைசி ஊர் எது என்று ஓட்டுகிறவருக்கு நினைவு வரவில்லையென்றால், கோட்டை விட்டு வண்டி மெல்ல விலகித் திரும்புகிறதென்றால், அவர் ஏற்கெனவே சில நொடிகள் உறங்கிவிட்டார் என்று அறிந்துகொள்ளுங்கள். பாட்டைச் சத்தமாக வைப்பதும் கண்ணாடியை இறக்குவதும் அதைத் தீர்க்காது. வண்டியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் உறங்குவதுதான் வழி. வீட்டில் ஒருவர் மாத்திரமே ஓட்டத் தெரிந்தவர் என்றால், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவே புறப்படும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். அப்படிப்பட்டவர்கள் நாமக்கல்லிலோ திண்டுக்கல்லிலோ ஓர் இரவு தங்கினால் இரண்டாயிரம் ரூபாய்போல் கூடும். அதையும் காரின் கணக்கிலேயே எழுதவேண்டும்.

விமானத்துக்குச் சுருக்கமாகவே சொல்லலாம். பாளையங்கோட்டைக்கு அருகில் உள்ள விமான நிலையம் தூத்துக்குடி மாவட்டத்து வாகைக்குளம். அங்கே புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. பெங்களூரிலிருந்து வருபவை பெரும்பாலும் விசிறி பூட்டிய சிறிய விமானங்கள்; பறப்பது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒருவருக்கு 4,500 என்றால் நால்வருக்குப் போக வர 36,000. ராமமூர்த்தி நகரிலிருந்து தேவனஹள்ளிக்கு டாக்சி, வாகைக்குளத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு டாக்சி இரண்டுக்கும் ஒரு வழிக்கு 2,400. போக வர 4,800. நிலையத்துக்குள் வாங்கும் ஆகாரத்துக்கு 1,200. ஆக 42,000 ரூபாய். நேரம்: வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒன்றேகால் மணி, அங்கே ஒன்றரை மணி, பறப்பது ஏறத்தாழ ஒன்றரை, பெட்டி வந்து சேர அரை மணிக்குச் சற்றுக் குறைவு, பின் டாக்சியில் முக்கால் மணிக்குமேல். கூட்டினால் ஐந்தரை மணி நேரம். ஒன்றரை மணிப் பயணம் என்று சொல்லிப் போனவர் உண்மையில் அரை நாள் செலவழித்திருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் அந்த 4,500 இரட்டிப்பாவதும் உண்டு. இன்னொன்று, ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா கட்டித் தரும் மூட்டை. சாதாரண உள்நாட்டுக் கட்டணங்களில் ஒருவருக்கு 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான். அரிசி, கருப்பட்டி, தேங்காய் எண்ணெய், மாங்காய் ஊறுகாய் எல்லாம் நிறுவையில் நிற்கும். எண்ணெயும் ஊறுகாயும் கைப்பையில் செல்லாது. கடைசி நேரத்தில் கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்துக்கு அந்தக் கருப்பட்டியைப் பெங்களூரிலேயே வாங்கிவிடலாம். அம்மாவிடம் அதைச் சொல்ல முடியாது என்பது வேறு.

இனி ரயில். நாகர்கோவில் செல்லும் விரைவு வண்டி மாலையில் பெங்களூரை விட்டு, ஓசூர், தருமபுரி, சேலம், கரூர், மதுரை வழியாக அதிகாலையில் திருநெல்வேலி சேருகிறது. மைசூரு - தூத்துக்குடி விரைவு வண்டியும் உண்டு. ஆனால் அது வாஞ்சி மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்குத் திரும்பிவிடும். நெல்லைக்குப் போகிறவர் மணியாச்சியில் இறங்கி வேறு வண்டி பிடிக்கவேண்டும். மூன்றடுக்கு ஏசி வகுப்பில் ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ 1,050 ரூபாய் என்று கொள்வோம். மகனுக்கும் படுக்கை வாங்கினால் நால்வருக்குப் போக வர 8,400. தாயோடு படுக்கவைத்தால் 6,300. நிலையத்துக்கு டாக்சி போக வர 900, திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து ஆட்டோ 400, ஆகாரம் 600. நான்கு படுக்கையுடன் 10,300 ரூபாய். மூன்று படுக்கையுடன் 8,200. ஏசி இல்லாத படுக்கை வகுப்பில் நான்கு படுக்கைகளும் சேர்த்தே மொத்தச் செலவு ஐயாயிரத்தைச் சுற்றி முடிந்துவிடும்.

மகனுக்குப் படுக்கை வாங்கலாமா என்றால், வாங்குங்கள் என்றே சொல்லுவேன். அந்த 2,100 ரூபாயை மிச்சம் பிடித்த இரவில் தாய் உறங்கியிருக்கமாட்டார். ஊர் சேர்ந்த அன்று முழுவதும் அதன் பலன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நேரக் கணக்கில் ரயில்தான் மிகவும் பின்தங்கியதுபோல் தோன்றும். வீட்டிலிருந்து நிலையம், காத்திருத்தல், பன்னிரண்டு பன்னிரண்டரை மணி நேர ஓட்டம், இறங்கி ஆட்டோ என்று பதினான்கரை மணி நேரம். ஆனால் அதில் எட்டு மணி நேரம் நீங்கள் எங்கே இருந்தாலும் உறங்கியே இருப்பீர்கள். அதைக் கழித்தால் விழித்திருந்து செலவழித்த நேரம் ஆறரை மணி. விமானத்துக்கு ஐந்தரை. ஒரு வழிக்கு ஒரு மணி நேரம், போக வர இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்காக விமானம் கேட்கும் கூடுதல் தொகை 31,700 ரூபாய். காரோடு ஒப்பிட்டால் விமானம் நியாயமாகத் தெரிகிறது. பதினொரு மணி நேரம் மிச்சம், கூடுதல் 28,100. இரவு ரயிலோடு ஒப்பிட்டால்தான் அது விலை உயர்ந்ததாகிவிடுகிறது.

வேலைக்குப் போகிறவருக்கு மணி நேரத்தைவிட விடுப்பு நாள்தான் முக்கியம். காரில் போனால் போவதற்கு ஒரு பகல், வருவதற்கு ஒரு பகல் போய்விடும். மாலை ரயிலுக்கு அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போதும்; மறுநாள் காலை ஊரில் இருப்பீர்கள். பகலில் ஓடும் வந்தே பாரத் வண்டி 2024 ஆகஸ்ட் இறுதியில் மதுரைக்குத் தொடங்கப்பட்டது. பிற்பகலில் கண்டோன்மெண்டில் ஏறினால் எட்டு மணி நேரத்தில், இரவில்தான் மதுரை. மதுரைக்காரர்களுக்கு அது நல்ல வண்டி. பாளையங்கோட்டைக்கு இன்னும் 160 கிலோமீட்டர் இருப்பதால் நமக்கு அவ்வளவு பொருந்தாது. நான்கு வயதுப் பிள்ளைக்குச் சீட்டு எடுக்காவிட்டால் எட்டு மணி நேரம் மடியில் வைத்திருக்கவேண்டும் என்பதையும் மறவாதிருங்கள்.

புறப்படும் நிலையத்தையும் சற்று கவனியுங்கள். 2022-இல் பையப்பனஹள்ளியில் விசுவேசுவரய்யா முனையம் திறந்தபின் பெங்களூரின் வண்டிகள் பல நிலையங்களில் பிரிந்து கிடக்கின்றன. ராமமூர்த்தி நகர்க்காரருக்குப் பையப்பனஹள்ளி பக்கத்தில். மெஜஸ்டிக் போவதற்கு ஒரு மணி நேரம். சர்ஜாபூர்ச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்கள் கார்மேலாரத்திலோ ஓசூரிலோ தங்கள் வண்டி நிற்கிறதா என்று பார்த்து அதையே ஏறுமிடமாகக் குறித்துக்கொண்டால், நகரைக் கிழித்துக்கொண்டு எதிர்த்திசையில் போகவேண்டியதில்லை.

இதுவரை ரயிலே வென்றதுபோல் இருக்கிறது. ஆனால் ஊரில் போய் இறங்கியபின் என்ன செய்யப்போகிறீர்கள்? நாசரேத்தில் பெரியப்பா, டோனாவூரில் அத்தை, மணப்பாடு கடற்கரை பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள். இப்படி மூன்று நாள் வாடகைக் கார் எடுத்தால், நாளுக்கு 2,000 என்றாலும் 6,000 ரூபாய். நான்கு படுக்கை ரயிலின் கணக்கு 16,300 ஆகிவிடும். சொந்தக் காரில் அதே சுற்று 200 கிலோமீட்டர் என்றால் பெட்ரோலும் தேய்மானமும் சேர்த்து 1,650, மொத்தம் 15,550. இப்போது இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆகவே ஊரில் ஒரு நாளைக்குமேல் சுற்றவேண்டியதில்லை என்றால் ரயில். நான்கைந்து நாள் சுற்றவேண்டுமென்றால், ஓட்டுவதற்கு இருவர் இருந்தால், கார். இரண்டு நாள் மாத்திரம் விடுப்புள்ள துக்க காரியத்துக்கோ, படுத்திருக்கும் பெற்றோரைப் பார்க்கவோ விமானம். அப்போதும் நால்வரும் போகவேண்டுமா என்று யோசியுங்கள். ஒருவர் பறந்து முன்னால் போக, மூவர் ரயிலில் பின்னால் வருவதற்கு நால்வரும் பறப்பதில் ஏறத்தாழப் பாதிதான் ஆகும்.

ரயிலின் பெருங்குறை ஒன்றுதான்: இடம் கிடைக்கவேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னர்தான் திறக்கிறது. அதற்குமுன் 120 நாட்கள் இருந்தது. காலை எட்டு மணிக்குத் திறந்து, பண்டிகை நாட்களில் சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். இணையத்தில் எடுத்த சீட்டில் நால்வருமே காத்திருப்பில் நின்றால், அட்டவணை தயாரானதும் சீட்டு தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறக்கூடாது. ஒரே சீட்டில் இருவருக்கு உறுதியாகி இருவர் காத்திருப்பில் நின்றால் அது ரத்தாகாது. இரண்டு படுக்கையில் நால்வர் என்று இரவைக் கழிக்கவேண்டும். தட்கலை நம்பி இருக்கிறவர்கள், 2025 ஜூலை முதல் ஆதார் உறுதிசெய்த கணக்கில் மாத்திரமே இணையத் தட்கல் எடுக்கமுடியும் என்பதை அறிந்து, அந்த உறுதிப்படுத்தலை முன்னதாகவே முடித்துவைக்கவேண்டும். முந்தின நாள் இரவு அதைச் செய்ய உட்காருகிறவர்களுக்கே கைப்பேசியில் குறியீடு வராமல் போகிறது.

திரும்பும் சீட்டு தனியாக, வேறொரு நாளில் திறக்கும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டிசம்பர் 23 அன்று புறப்பட விரும்பினால் அக்டோபர் 24 காலை எட்டு மணிக்குக் கணினிமுன் இருக்கவேண்டும். ஊர்ச் சபையில் ஆண்டிறுதி இரவு ஆராதனையை முடித்து ஜனவரி 2 அன்று திரும்ப விரும்பினால், அந்தச் சீட்டு நவம்பர் 3 அன்றுதான் திறக்கும். போகும் சீட்டு கிடைத்த மகிழ்ச்சியில் அந்தப் பத்து நாட்களை மறந்தவர்களே ஜனவரியில் கடைசி நேர விமானச் சீட்டுக்கு இரட்டிப்பு விலை கொடுக்கிறார்கள். வீட்டு நாட்காட்டியில் இரண்டு தேதிகளையும் இன்றே வட்டமிட்டு, பக்கத்திலேயே குடும்பத்தார் நால்வரின் பெயரையும் வயதையும் எழுதிவையுங்கள். எட்டு மணி அடித்தபின் தட்டச்சு செய்ய நேரம் இருக்காது.